சரியாக இரண்டு: வட்டமா, சூத்திரமா, சோழியா?

தங்கச்சிமடத்தில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டபடியே வந்தார்கள். தங்கை ஒன்பதாம் வகுப்பு. அண்ணன் காலேஜ் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான்.

"டீச்சர், இவ வட்டம் போட்டுக்கிட்டே உக்காந்திருக்கா. நான் ஒரே வரியில முடிச்சிட்டேன்."

"அண்ணன் தப்பா முடிச்சிருக்கு டீச்சர்."

இரண்டு பேருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்த மாதிரிக் கணக்குக்கு எந்த முறையைக் கையில் வைத்துக்கொள்வது? இதே கேள்வியைப் பெற்றோரும் கேட்கிறார்கள், வேறு ஊரில் பாடம் எடுக்கும் நண்பர்களும் கேட்கிறார்கள். அதனால் அன்று திண்ணையில் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கணக்கு இது. எண்கள் நான் போட்டவை, தொழில்கள் நம் கரையில் உள்ளவை.

> ஒரு கடலோரக் கிராமத்தில் 120 பெண்களிடம் விசாரித்தார்கள். கடல்பாசி எடுப்பவர்கள் 65 பேர், கருவாடு போடுபவர்கள் 54 பேர், மீன் விற்பவர்கள் 45 பேர். பாசியும் கருவாடும் செய்பவர்கள் 26 பேர், கருவாடும் விற்பனையும் செய்பவர்கள் 20 பேர், பாசியும் விற்பனையும் செய்பவர்கள் 18 பேர். மூன்றையும் செய்பவர்கள் 8 பேர். சரியாக இரண்டு தொழில் செய்பவர்கள் எத்தனை பேர்?

இதைச் செயற்கையான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாசிக்குப் போகிறவர்தான் மறுநாள் மீன்கூடை தூக்குகிறார். மீன் விலை போகாத நாளில் அதையே உப்புப் போட்டுக் காயவைக்கிறார். ஒரே ஆள் இரண்டு, மூன்று பட்டியலில் வருவது இங்கே வழக்கம்தான். அப்படி வருகிற ஆளை எத்தனை தடவை எண்ணிவிட்டோம் என்பதுதான் இந்தக் கணக்கின் மொத்தச் சிக்கலும்.

அண்ணனுக்கு வந்தது 56. தங்கைக்கு வந்தது 40. தங்கை சொன்னதே சரி. ஆனால் அந்த 56-க்கும் ஒரு அர்த்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலில், கேள்வியில் என்ன கொடுத்திருக்கிறார்கள். இருவர் இருவராகச் சேரும் எண்கள் மூன்றும் இருக்கின்றனவா, மூன்றிலும் இருப்பவர்களின் எண் இருக்கிறதா, எதிலும் இல்லாதவர்களைப் பற்றிப் பேச்சு இருக்கிறதா? ஒவ்வொரு முறைக்கும் வேண்டிய சரக்கு வேறு.

இரண்டாவது, நாம் தப்பு செய்தால் அந்த முறையே நம்மைப் பிடித்துக் காட்டிக்கொடுக்குமா? எனக்கு இதுதான் பெரிய அளவுகோல். வேகத்தைவிட இதற்கு அதிக மதிப்பெண் போடுவேன்.

மூன்றாவது, அடுத்த கேள்விக்கும் உதவுமா? பள்ளித் தேர்வில் ஒரே தகவலை வைத்து மூன்று கேள்வி கேட்பார்கள்: சரியாக இரண்டு, பாசி மட்டும், எதுவுமே இல்லை என்று.

நான்காவது நேரம்.

## வழி ஒன்று: வட்டம் போட்டு நடுவிலிருந்து நிரப்புவது

தங்கை செய்தது இது. மூன்று வட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரைந்தால் உள்ளே ஏழு அறைகள் கிடைக்கும், வெளியே ஒன்று. நிரப்புவதை நடுவில் தொடங்க வேண்டும். வெளியிலிருந்து தொடங்குகிற பிள்ளை 65 என்பதைப் பாசி வட்டத்தின் வெளியோரத்தில் எழுதிவிட்டு அதற்குமேல் நகரமுடியாமல் நிற்கும். 65 என்பது அந்த வட்டம் முழுவதற்கும் உள்ள எண். அதில் நாலு அறை இருக்கிறது.

நடுவில் 8 எழுதியாயிற்று. பாசியும் கருவாடும் 26 என்றால், அந்த 26-க்குள்ளேயே மூன்றும் செய்கிற 8 பேரும் நிற்கிறார்கள். அவர்களை ஏற்கெனவே நடுவில் உட்காரவைத்துவிட்டோம். மீதி 18. அதேபோல் கருவாடும் விற்பனையும் மட்டும் 20 − 8 = 12. பாசியும் விற்பனையும் மட்டும் 18 − 8 = 10.

கேட்ட கேள்விக்கு இங்கேயே விடை வந்துவிட்டது: 18 + 12 + 10 = 40.

ஆனால் தங்கை இதோடு நிறுத்தவில்லை. வெளி அறைகளையும் நிரப்பினாள். பாசி மட்டும்: 65 − (18 + 8 + 10) = 29. கருவாடு மட்டும்: 54 − (18 + 8 + 12) = 16. விற்பனை மட்டும்: 45 − (12 + 8 + 10) = 15. ஏழு அறையையும் கூட்டினால் 29 + 16 + 15 + 40 + 8 = 108. மொத்தம் 120, ஆகவே எதையும் செய்யாதவர்கள் 12 பேர். எல்லா அறையிலும் எண் பூஜ்யத்துக்கு மேல், மொத்தமும் 120-ஐத் தாண்டவில்லை. அவள் தைரியமாக அண்ணனிடம் சண்டைக்கு நின்றதற்கு இதுதான் காரணம்.

இந்த வழியின் பலம் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. கேள்வித்தாளில் 65-ஐ 35 என்று தவறாக அச்சடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நாமே அவசரத்தில் அப்படி எழுதிக்கொண்டோம். பாசி மட்டும் 35 − 36 = −1 என்று வரும். மைனஸ் ஒரு பெண் எந்தக் கரையிலும் கிடையாது. எங்கோ பிசகியிருக்கிறது என்று படமே கையைப் பிடித்து நிறுத்தும்.

செலவும் உண்டு. முதலாவது, நடு எண்ணில் ஒரு பிசகு வந்தால் ஏழு அறையும் கெடும், ஏனென்றால் ஒவ்வொன்றும் அதற்கு முன்னதைக் கழித்துத்தான் வருகிறது. இரண்டாவது, படத்தின் அளவு. சிரிக்க வேண்டாம், தாளில் நான் பார்க்கிற பாதித் தப்பு இதனால்தான். வளையலையோ தண்ணீர் பாட்டில் மூடியையோ வைத்து வட்டம் போடுகிறார்கள். நடு அறை சிறுநகம் அளவுக்கு வரும், அதில் 8 எழுதினால் அது பக்கத்து அறைக்கும் சொந்தமாகிவிடும். கவராயத்தில் 2.5 செ.மீ. ஆரம் எடுத்து, மூன்று மையங்களும் ஒன்றுக்கொன்று 3 செ.மீ. தூரத்தில் இருக்கும்படி போட்டால் நடுவில் சுமார் ஒன்றரை செ.மீ. இடம் கிடைக்கும். மூன்று இலக்க எண்கூட எழுதலாம்.

இந்தப் படத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் வென் இதை 1880-ல் எழுதினார். நாலு குழு வந்தால் வட்டம் போதாது என்று அவருக்கே தெரியும். நாலு வட்டத்தை எப்படிப் போட்டாலும் வேண்டிய 16 அறை கிடைக்காது, 14-க்கு மேல் போகாது. அதற்கு அவர் நீள்வட்டம் போட்டார். நமக்கு மூன்றோடு பாடம் முடிகிறது, பிழைத்தோம்.

## வழி இரண்டு: சூத்திரம்

அண்ணன் எடுத்த வழி இது, ஆனால் அரைகுறையாக. பாசியை A, கருவாட்டை B, விற்பனையை C என்று வைத்து, ∩ என்பதை 'இரண்டும் செய்பவர்கள்' என்று படித்தால், சரியான வடிவம்:

```
சரியாக இரண்டு = n(A∩B) + n(B∩C) + n(A∩C) − 3 × n(A∩B∩C)
```

எண்களைப் போட்டால் 26 + 20 + 18 = 64, 64 − 3 × 8 = 40. பத்து நொடி வேலை.

அண்ணன் 64-லிருந்து ஒரே ஒரு 8-ஐக் கழித்தான். "மூணுலயும் இருக்கிறவங்க வேண்டாம், அதான் எட்டுப் பேரைக் கழிச்சேன் டீச்சர்" என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று தொழிலும் செய்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பாசியும் கருவாடும் செய்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் தூக்குவார். கருவாடும் விற்பனையும் என்றாலும் தூக்குவார். பாசியும் விற்பனையும் என்றாலும் தூக்குவார். அவர் ஒருவர், தூக்கிய கை மூன்று. எட்டுப் பேருக்கு 24 கை. அந்த 64 என்பது கைகளின் எண்ணிக்கை. 24-ஐயும் எடுத்தால்தான் சரியாக இரண்டு தொழில் செய்பவர்களின் கை மட்டும் மிஞ்சும். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரே தடவைதான் கை தூக்கியிருப்பார்கள்.

மூன்றால் பெருக்குவது ஏன் என்று இப்படிப் புரிந்துகொண்டவர்களுக்கு இன்னொரு சூத்திரம் இலவசமாகக் கிடைக்கும். "குறைந்தது இரண்டு" என்று கேட்டால் அந்த எட்டுப் பேரையும் ஆளுக்கு ஒரு தடவை விட்டுவைக்க வேண்டும். ஆகவே மூன்று கையில் இரண்டை மட்டும் இறக்கச் சொல்கிறோம்: 64 − 2 × 8 = 48. புரியாமல் மனப்பாடம் செய்தவர்களுக்கு மூன்றா இரண்டா என்பது தேர்வறையில் சரியாக மறந்துபோகும். இந்த வழியின் முதல் மறைமுகச் செலவு அதுதான்.

இரண்டாவது செலவு இன்னும் மோசம். சூத்திரத்துக்குக் கண் கிடையாது. 65 என்பதை 35 என்று அச்சிட்ட அதே கேள்வியைக் கொடுங்கள், சூத்திரம் 40 என்றே சொல்லும். அது 65, 54, 45 என்ற எண்களைத் தொடுவதே இல்லை. போட்டித் தேர்வில் நாலு விடையில் ஒன்றைக் குறிக்க இது போதும். முழு மதிப்பெண் கேள்விக்கு இதை மட்டும் நம்பினால், பாசி மட்டும் எத்தனை என்ற அடுத்த கேள்விக்குத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

## வழி மூன்று: சோழி கணக்கு

புத்தகத்தில் இந்தப் பெயரில் தேடாதீர்கள், நான் வைத்த பெயர். திண்ணையில் ஒரு டப்பா நிறையச் சோழி இருக்கும். அதை வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டது.

சில கேள்விகளில் இருவர் இருவராகச் சேரும் எண்ணே இருக்காது. நம் கிராமத்தையே வேறு மாதிரிக் கேட்கிறார்கள் என்று வையுங்கள்: 120 பெண்களில் 12 பேர் எதுவும் செய்வதில்லை, பாசி 65, கருவாடு 54, விற்பனை 45, மூன்றும் 8. சரியாக இரண்டு எத்தனை? அண்ணனின் சூத்திரத்துக்குப் போட இங்கே எண் இல்லை. தங்கையின் வட்டத்தில் நடுவில் 8-ஐ எழுதிவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாது.

ஒவ்வொரு பெண்ணும் தான் செய்கிற தொழிலுக்கு ஒரு சோழி வீதம் டப்பாவில் போடுகிறார். மொத்தச் சோழி 65 + 54 + 45 = 164. போட்டவர்கள் 120 − 12 = 108 பேர். ஆளுக்கு ஒன்று என்று 108 சோழியை எடுத்து வையுங்கள். மிச்சம் 56.

இந்த 56 சோழி யாருடையது? ஒரே தொழில் செய்பவர் போட்டது ஒன்றுதான், அதை எடுத்தாயிற்று. சரியாக இரண்டு செய்பவர்களின் சோழி ஆளுக்கு ஒன்று மிச்சம் கிடக்கிறது. மூன்று செய்பவர்களுடையது ஆளுக்கு இரண்டு. எட்டுப் பேருக்கு 16. ஆகவே 56 − 16 = 40.

```
சரியாக இரண்டு = (மூன்று குழுக்களின் கூடுதல்) − (குறைந்தது ஒன்றில் இருப்பவர்கள்) − 2 × (மூன்றிலும் இருப்பவர்கள்)
             = 164 − 108 − 16 = 40
```

இங்கேதான் அண்ணனின் 56 திரும்பி வந்தது. அவன் 64-லிருந்து 8-ஐக் கழித்துக் கண்டுபிடித்தது மிச்சச் சோழியின் எண்ணிக்கையை. எந்தக் கிராமத்தை எடுத்தாலும் இது இப்படியே ஒத்துப்போகும், ஏனென்றால் சேர்ப்புக் கணத்தின் சூத்திரத்தை இடம் மாற்றி எழுதினால் வருவது இதுதான். "அப்ப நான் போட்டது தப்பில்லையா டீச்சர்?" என்று கேட்டான். தப்புதான், கேட்டது ஆளை, நீ எண்ணியது சோழியை என்றேன். தங்கை சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

இந்த வழியின் பெரிய பள்ளம் 108-க்கும் 120-க்கும் நடுவில் இருக்கிறது. எதுவும் செய்யாத 12 பேர் சோழி போடவே இல்லை. அவர்களையும் சேர்த்து 120-ஐக் கழித்தால் 164 − 120 − 16 = 28 என்று வரும். பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், சந்தேகமே வராது. கேள்வியில் "ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு தொழிலாவது செய்கிறார்கள்" என்ற வரி இருக்கிறதா, இல்லையென்றால் எதுவும் செய்யாதவர்களின் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் சோழியை எடுக்கக் கூடாது. இன்னொன்று, இது மொத்தம் 40 என்று மட்டும் சொல்லும். அந்த 40-ல் பாசியும் கருவாடும் எத்தனை என்று கேட்டால் சோழிக்குத் தெரியாது.

## எந்த வழியில் போனாலும் காத்திருக்கும் கண்ணி: "மட்டும்"

முறைகளை ஒப்பிட்டுப் பேசுகிறோம், ஆனால் என் அனுபவத்தில் மதிப்பெண் போவது முறையால் அல்ல, ஒரே சொல்லால். இந்த இரண்டு வரியைப் பாருங்கள்:

> பாசியும் கருவாடும் செய்பவர்கள் 26 பேர்.
>
> பாசியும் கருவாடும் மட்டும் செய்பவர்கள் 18 பேர்.

இரண்டும் ஒரே கிராமத்தைப் பற்றியவைதான், இரண்டும் உண்மை. முதல் வரியில் மூன்றாவது தொழிலைப் பற்றிப் பேச்சே இல்லை. செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. அதனால் எட்டுப் பேர் உள்ளே இருக்கிறார்கள். இரண்டாவதில் "மட்டும்" வந்து கதவைச் சாத்திவிட்டது.

நம் கணக்கையே "மட்டும்" போட்டு 18, 12, 10 என்று கொடுத்திருந்தால், சரியாக இரண்டு என்பது வெறும் கூட்டல்: 40. கழிக்க எதுவும் இல்லை. ஆனால் சூத்திரப் பழக்கத்தில் கை தானாக ஓடி 40 − 24 = 16 என்று எழுதிவிடும். 16 பேர் என்பதில் கண்ணுக்குப் படும் குற்றம் ஒன்றும் இல்லை. விடைகளில் ஒன்றாகவும் அதைப் போட்டு வைத்திருப்பார்கள், தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும்.

அதே தப்பை வட்டத்தில் செய்து பாருங்கள். 18, 12, 10 என்பவற்றை "மட்டும்" இல்லாத எண்கள் என்று எடுத்துக்கொண்டு 8-ஐக் கழித்தால் இரண்டு சேரும் அறைகளில் 10, 4, 2 வரும். பாசி மட்டும் 65 − (10 + 8 + 2) = 45. கருவாடு மட்டும் 54 − (10 + 8 + 4) = 32. விற்பனை மட்டும் 45 − (4 + 8 + 2) = 31. எல்லாம் கூட்டினால் 108 + 16 + 8 = 132. விசாரித்ததே 120 பேரை. பன்னிரண்டு பேர் எங்கிருந்தோ முளைத்துவிட்டார்கள். இந்த இடத்தில்தான் வட்டம் போட்ட நேரத்துக்கு வட்டியோடு பலன் கிடைக்கிறது.

எப்போதும் இப்படி மாட்டும் என்று சொல்லமாட்டேன். மொத்தம் 200 பேர் என்று இருந்திருந்தால் 132-ம் உள்ளே அடங்கிவிடும், படமும் வாய் திறக்காது. அதனால் எண்ணைத் தொடுவதற்கு முன்பே "மட்டும்" இருக்கிற இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொல்வேன். "பாசி மட்டும்", "பாசியும் கருவாடும் மட்டும்", "ஆனால் விற்பனை செய்யாதவர்கள்" என்று மூன்று வேடத்தில் வரும். கடைசி வேடத்தில் மட்டும் என்ற சொல்லே இருக்காது, வேலை அதே வேலைதான்.

கேள்வியின் முடிவையும் அதேபோல் பாருங்கள். "இரண்டு தொழில் மட்டும்", "சரியாக இரண்டு" என்றால் 40. "குறைந்தது இரண்டு", "ஒன்றுக்கு மேற்பட்ட" என்றால் 48. "அதிகபட்சம் இரண்டு" என்றால் ஒன்றும் செய்யாதவர்களும் சேர்ந்து 120 − 8 = 112.

## நடு எண் கொடுக்கவில்லை என்றால்

மூன்றும் செய்பவர்கள் எத்தனை என்று சொல்லாமல், எதுவும் செய்யாதவர்கள் 12 என்று கொடுத்திருந்தால் மூன்று வழியும் முதல் அடியிலேயே நிற்கும். வட்டத்தில் நடுவில் x என்று எழுதி நகர்வதுதான் எனக்குப் பிடித்த வழி. இரண்டு சேரும் அறைகள் 26 − x, 20 − x, 18 − x. வெளி அறைகளில் கழித்ததைத் திரும்பக் கூட்ட வேண்டும்: 65 − 26 − 18 + x = 21 + x, 54 − 26 − 20 + x = 8 + x, 45 − 20 − 18 + x = 7 + x. எல்லாம் கூட்டினால் மூன்று x கழிந்து மூன்று x கூடி, நடுவில் இருக்கும் ஒரு x மட்டும் மிஞ்சும்: 100 + x = 108. x = 8.

அந்த 12-ம் கொடுக்கவில்லை என்றால் ஒரே விடை கிடையாது. x பூஜ்யத்திலிருந்து 18 வரை எதுவாகவும் இருக்கலாம், சரியாக இரண்டு என்பது 64-லிருந்து 10 வரை போகும். கேள்வியில் ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் அது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வட்டம் | சூத்திரம் | சோழி |
|---|---|---|---|
| கட்டாயம் வேண்டிய எண் | இருவர் சேரும் எண் மூன்றும், நடு எண்ணும் | அதே | குழு எண் மூன்றும், குறைந்தது ஒன்றில் இருப்பவர்கள், நடு எண் |
| தப்பைக் காட்டிக்கொடுக்குமா | பெரும்பாலும் | காட்டாது | அரிதாக, விடை மைனஸில் வந்தால் மட்டும் |
| அடுத்த கேள்விக்கு உதவுமா | எல்லாவற்றுக்கும் | குறைந்தது இரண்டு வரை | சரியாக ஒன்று எத்தனை என்பது வரை |
| நேரம் | நாலைந்து நிமிடம் | அரை நிமிடம் | ஒரு நிமிடம் |
| வழக்கமாகச் சறுக்கும் இடம் | சின்னப் படம், நடு எண் பிசகு | மூன்றா இரண்டா, "மட்டும்" | 108-க்குப் பதில் 120 |

நேரம் என்று போட்டிருப்பது என் பிள்ளைகளை வைத்து நான் போட்ட மதிப்பு. உங்கள் வீட்டில் கூடக்குறைய இருக்கும்.

## யாருக்கு எது

ஒன்பதாம் வகுப்பில் இருப்பவருக்கு நான் வட்டத்தைத்தான் சொல்வேன், வேறு பேச்சே இல்லை. பள்ளித் தேர்வில் படத்துக்கும் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. கேள்வி கிளை கிளையாக வரும், ஒரு படம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும். சூத்திரம் தெரிந்திருந்தால் கடைசியில் 40-ஐச் சரிபார்க்க வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சூத்திரத்தை நம்பாமல் படத்துக்குத் திரும்ப வேண்டும்.

போட்டித் தேர்வுக்காரர்களுக்கு அப்படி ஒரே பதில் கிடையாது. தேர்வறையில் நாலு நிமிடம் ஒரு கேள்விக்குத் தர முடியாது. இருவர் சேரும் எண்கள் "மட்டும்" இல்லாமல் வந்தால் சூத்திரம். குழு எண்களும் மொத்தமும் மட்டும் வந்தால் சோழி. "பாசி மட்டும் செய்பவர் 29" என்கிற மாதிரி அறை எண்ணும் வட்ட எண்ணும் கலந்து வந்தால், நேரம் போனாலும் போகட்டும் என்று ஒரு வட்டம் கிறுக்கிவிடுவதுதான் புத்தி. அங்கே கவராயம் வேண்டாம், கோணல்மாணலாக இருந்தாலும் நடு அறை பெரிதாக இருந்தால் போதும்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒன்று. வரிசை முக்கியம். சூத்திரத்தை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டால் பிறகு யாரும் வட்டம் போட மாட்டார்கள், குறுக்குவழியைக் காட்டியபின் யார் சுற்றிப் போவார்கள்? நான் முதல் நாள் சோழி, அடுத்த நாள் வட்டம், இரண்டும் கை பழகிய பிறகே சூத்திரம் என்று வைத்திருக்கிறேன். சூத்திரத்தில் இருக்கிற அந்த 3 எங்கிருந்து வந்தது என்று அப்போது பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கணப் பாடத்தில் விதியாக வருகிற டி மார்கன் 1806-ல் பிறந்தது மதுரையில் என்பதையும் இடையில் சொல்லி வைப்பேன். அந்த நாளில் வகுப்பில் தூங்குகிறவர் யாரும் இருப்பதில்லை.

அண்ணனுக்கு அன்று ஒரு கணக்குக் கொடுத்து அனுப்பினேன். 90 படகுகள். ஒவ்வொன்றும் நண்டு வலை, கணவாய்த் தூண்டில், இறால் வலை இவற்றில் குறைந்தது ஒன்றையாவது வைத்திருக்கிறது. நண்டு வலை 48, தூண்டில் 41, இறால் வலை 37. மூன்றும் வைத்திருப்பவை 6. சரியாக இரண்டு வைத்திருப்பவை எத்தனை? மறுநாள் அவன் தங்கையிடம் விடையைக் கொடுத்தனுப்பியிருந்தான், பழைய பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில், ஒரே வரி: 126 − 90 − 12 = 24. கீழே அவள் பென்சிலால் ஒரு வட்டம் போடப் பார்த்து, எண் போதாமல் பாதியில் விட்டிருந்தாள்.